சுவரில் மாட்டிய சர்ட்டிபிகேட் போதுமா? சீட்டு சேரும் முன் குரூப் நம்பரைப் பாருங்கள்!

சங்கரன்கோவில்:-

தறிக்கூலி வாங்கின கையோடு ஒருவர் சீட்டு ஆபீசுக்குள் நுழைகிறார் என்று வைத்துக்கொள்வோம். 20 பேர், மாதம் 5 ஆயிரம், 20 மாதம். 1 லட்ச ரூபாய் சீட்டு. சுவரில் கண்ணாடி போட்ட பெரிய சர்ட்டிபிகேட் தொங்குகிறது.

"கவர்மெண்டுல ரிஜிஸ்டர் பண்ணினதுங்க அண்ணாச்சி, பயப்படாதீங்க" என்கிறார் கவுண்டரில் இருப்பவர்.

அவர் சொன்னது பொய் அல்ல. முழு உண்மையும் அல்ல! அந்தக் காகிதம், அப்படி ஒரு கம்பெனி இருக்கிறது என்பதற்குத்தான் சாட்சி. சீட்டுப் பிடிக்க அனுமதி அதில் இல்லை. ஜி.எஸ்.டி. சர்ட்டிபிகேட்டும் அப்படித்தான்.

குரூப்புக்கு குரூப் பதிவு

1982-ம் ஆண்டு சீட்டு நிதிச் சட்டப்படி ஒவ்வொரு குரூப்புக்கும் தனித்தனியாகப் பதிவு வேண்டும். ஆள் சேர்க்கும் முன்பே சீட்டுப் பதிவாளரிடம் முன் அனுமதி வாங்க வேண்டும். பிறகு சீட்டு ஒப்பந்தத்தைப் பதிய வேண்டும். 20 இடமும் நிரம்பி, ஜாமீனும் கட்டிய பிறகே "தொடக்கச் சான்று" கிடைக்கும். அது வராமல் முதல் ஏலம் விடக்கூடாது.

ஆகவே, சேரும் அன்று தொடக்கச் சான்று இல்லை என்றால் சந்தேகப்பட வேண்டாம். முன் அனுமதி உத்தரவையும் பதிவான ஒப்பந்தத்தையும் கேளுங்கள். முதல் ஏலத்தன்றும் சான்று இல்லை என்றால் உஷார்!

எதைப் படிப்பது?

குரூப் நம்பர், சீட்டுத் தொகை, ஆட்கள் எண்ணிக்கை, மாதங்கள், நடத்துபவர் பெயர். இந்த ஐந்தும் ஒப்பந்தத்திலும் உங்கள் பாஸ்புத்தகத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும். முடிந்துபோன பழைய குரூப்பின் சான்றைக் காட்டினால் நம்பரே காட்டிக்கொடுத்துவிடும். ஒப்பந்த நகல் ஒன்று உங்களுக்குத் தந்தாக வேண்டும் என்பதும் சட்டம்.

நம்பரைக் குறித்துக்கொண்டு பத்திரம் பதியும் ஆபீசுக்குப் போங்கள். தமிழ்நாட்டில் சீட்டுப் பதிவும் பதிவுத்துறையின் வேலைதான். உங்கள் பகுதிச் சீட்டுப் பதிவாளர் யார் என்று அங்கே கேட்டு, அவரிடம் சரிபார்க்கலாம்.

சான்று இருந்தாலும்...

ஜாமீனை பாங்கியில் டெபாசிட்டாகக் கட்டினால், அது ஒரு மாதச் சீட்டுத் தொகைதான். நம் கணக்கில் 1 லட்சம். ஆனால் 20 மாதத்தில் புரளும் பணமோ 20 லட்சம் வரை! ஏலம் எடுத்தவருக்குப் பணம் தர இழுத்தடித்தால் மேற்கொண்டு கட்டும் முன் பதிவாளரிடம் போய்விடுங்கள்.

2022-ல் சிக்கிய ஆருத்ரா கோல்டு விவகாரம் சீட்டு அல்ல, டெபாசிட். அதுவும் பதிவான கம்பெனிதான். சுமார் 1 லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் வசூல் என்பது போலீசாரின் குற்றச்சாட்டு.

அடுத்த முறை யாராவது சுவரைக் காட்டினால், "அது கிடக்கட்டும் அண்ணாச்சி, என் குரூப் நம்பர் எங்கே?" என்று கேளுங்கள்.