படக்குறிப்பும் மாற்றுரையும்

படத்தின் கீழே அச்சாகும் படக்குறிப்பு எல்லாருக்கும் உரியது. திரைவாசிப்பான் மட்டும் படித்துக்காட்டும் மாற்றுரையின் பணி வேறு. வரலாற்றுப் பாடமொன்றில் ஜொகூர் கடற்பாலத்தின் ஒளிப்படம் இருப்பதாகக் கொள்வோம். ‘ஜொகூர் பாருவையும் சிங்கப்பூரையும் இணைக்கும் கடற்பாலம், அதிகாரப்பூர்வத் திறப்பு 1924’ என்பது படக்குறிப்பு. இதே வரியை மாற்றுரையிலும் இட்டால், பார்வையற்ற மாணவர் அதை இருமுறை கேட்பார். படத்தில் உள்ளதை ஒருமுறையும் அறியார். மாற்றுரையே இல்லையெனில், சில வேளைகளில் IMG_2043.jpg என்ற கோப்புப் பெயர்தான் காதில் விழும்.

‘இப்பாலத்தின் வழியே எவையெவை நீரிணையைக் கடக்கின்றன?’ என்று பாடம் வினவுமாயின், பிறர் கண்ணால் காண்பதை மாற்றுரை சொல்ல வேண்டும்: ‘நீரிணையின் குறுக்கே நீளும் பாலம், அதன்மேல் சாலை, இரயில் தண்டவாளம், பருத்த தண்ணீர்க் குழாய்கள்.’ வானின் நிறம் இங்குத் தேவையில்லை. ‘படம்’ என்று தொடங்கவும் வேண்டா. அதைத் திரைவாசிப்பானே அறிவித்துவிடும். குழாய்கள் ஏன் அமைக்கப்பட்டன என்பதையும் எழுதலாகாது. அது கண்ணுக்குத் தெரிவதன்று. மாணவர் எண்ணிச் சொல்ல வேண்டிய விடை.

வோர்டு மென்பொருளில் படத்தை வலச்சொடுக்கினால் Alt Text என்னும் தெரிவு கிடைக்கும். பலர் இடறுவது இதற்குப் பின்புதான். ஆவணத்தை அச்சிடும் கட்டளை வழியாகப் பிடிஎஃப் ஆக்கினால் மாற்றுரை உதிர்ந்துவிடும். Save As வழியே சேமித்து, என்விடிஏ போன்ற திரைவாசிப்பானில் ஒருமுறை கேட்டபின் மாணவரிடம் தருக.