நனைந்த கல்லை எப்படி எழுதுவது?

மழையில் நனைந்த கல் ‘பளபளத்தது’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அது பாதிதான் சரி. ஈரக் கல்லில் நடப்பவை இரண்டு: நிறம் கருக்கிறது, மேற்பரப்பு மின்னுகிறது. இரண்டும் சேர்ந்தே வரவேண்டும் என்பதில்லை.

கொத்திய கருங்கல்லின் சொரசொரப்பு, மேலே விழும் வெளிச்சத்தை நாலாபக்கமும் சிதறடிக்கிறது. அதனால்தான் காய்ந்த கல் வெளிறித் தெரிகிறது. தண்ணீர் அந்தச் சிறு பள்ளங்களை நிரப்பியதும் சிதறல் குறைகிறது. வெளிச்சம் கல்லுக்குள் கூடுதலாக இறங்கி, அங்கேயே உறிஞ்சப்படுகிறது. கல் கருக்கிறது, இளஞ்சிவப்புப் படிகங்களும் கறுப்பு மைக்காத் துணுக்குகளும் துலங்குகின்றன. பாலிஷ் போட்ட கிரானைட்டில் நிரப்பப் பள்ளமே இல்லை; நனைந்தாலும் அதன் நிறம் அவ்வளவாக மாறாது.

மின்னுவது மேலே நிற்கும் நீர்ப்படலம். மழை விட்டுச் சற்று நேரத்தில் படலம் போய்விடும், நுண்துளைகளில் ஈரம் தங்கும். அப்போது கல் கருமையாக இருக்கும், மினுக்கம் துளியும் இராது. கதைகளில் இந்தக் கட்டத்தை நான் அபூர்வமாகவே பார்த்திருக்கிறேன். பிறகு மேடுகள் முதலில் வெளுக்கும். உளித்தடங்களிலும் விரிசல்களிலும் கறுப்புக் கோடுகள் கடைசிவரை எஞ்சும்.