எல்இடி பட்டையில் நினைத்த நிறத்தைக் கொண்டுவருவது எப்படி?

கடைகளில் 5 மீட்டர் சுருளாகக் கிடைக்கும் மூவண்ண எல்இடி பட்டையில் கண்ணுக்குத் தெரிவது சின்னச் சின்ன வெள்ளைச் சதுரங்களின் வரிசை. ஒவ்வொரு சதுரத்துக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எல்இடிகள் தனித்தனியாக இருக்கின்றன. பட்டையின் நுனியில் நான்கு கம்பிகள் வெளியே வரும். ஒன்று மூன்று நிறங்களுக்கும் பொதுவான 12 வோல்ட் பிளஸ். மற்ற மூன்றும் நிறத்துக்கு ஒன்றாக மைனஸ் பக்கம் போக வேண்டியவை. சிவப்புக்குரிய கம்பியை மட்டும் மைனஸோடு இணைத்தால் பட்டை முழுதும் சிவப்பாக எரியும். மூன்றையும் இணைத்தால் ஏறத்தாழ வெள்ளை. அப்படியே இணைத்தால் கிடைப்பவை ஏழு நிறங்கள்தான். ஆரஞ்சு, இளஞ்சிவப்பு, மயில்நீலம் போன்றவை வேண்டுமானால் ஒவ்வொரு நிறத்தையும் வேண்டிய அளவுக்குக் குறைத்துக் கலக்க வேண்டும்.

வோல்டேஜைக் குறைத்தால் ஒளியும் குறையுமே என்று தோன்றும். குறையும், ஆனால் ஒழுங்காகக் குறையாது. பட்டையில் மூன்று சதுரங்கள் சேர்ந்தது ஒரு துண்டு. அதில் ஒரே நிறத்து எல்இடிகள் மூன்றும் ஒரு ரெசிஸ்டரும் வரிசையாக இணைக்கப்பட்டிருக்கும். சிவப்பு எல்இடி ஒன்று எரிய ஏறக்குறைய 2 வோல்ட் போதும். பச்சைக்கும் நீலத்துக்கும் ஏறக்குறைய 3 வோல்ட் வேண்டும். ஆக மூன்று சிவப்புகளுக்கு 6 வோல்ட், மூன்று நீலங்களுக்கு 9 வோல்ட். மீதியை ரெசிஸ்டர் எடுத்துக்கொண்டு மின்னோட்டத்தை 20 மில்லிஆம்பியர் அளவில் நிறுத்துகிறது. இப்போது 12 வோல்ட்டை 9 ஆகக் குறைத்தால் சிவப்பு பாதி ஒளியோடு எரிந்துகொண்டிருக்கும், நீலமும் பச்சையும் அநேகமாக அணைந்துவிடும். நீண்ட பட்டைக்கு ஒரு முனையில் மட்டும் மின்சாரம் கொடுத்தால் மறுமுனையில் வெள்ளை சிவந்து தெரிவதும் இதனால்தான். பட்டையின் மெல்லிய செம்புத் தகட்டில் ஓடும்போதே வோல்டேஜ் கொஞ்சம் இறங்கிவிடுகிறது. முதலில் அடிபடுவது நீலமும் பச்சையும். இரு முனைகளிலும் மின்சாரம் கொடுப்பதே இதற்கு மருந்து.

ஆகவே வோல்டேஜைத் தொடாமல், எரியும் நேரத்தைக் குறைக்கிறார்கள். எல்இடி முழு ஒளியோடு எரியும், உடனே முழுதாக அணையும். இப்படி ஒரு வினாடிக்குள் பல நூறு முறை நடக்கும். ஒவ்வொரு சுற்றிலும் எவ்வளவு நேரம் எரிகிறது என்பதே துடிப்பின் அகலம். கால்பங்கு நேரம் எரிந்தால் கண்ணை வந்தடையும் ஒளியும் கால்பங்கு. எரியும் நேரத்திலெல்லாம் ஓடுவது அதே 20 மில்லிஆம்பியர் என்பதால், மங்கலாக்கினாலும் அந்த எல்இடியின் நிறம் மாறுவதில்லை. இந்த முறைக்கு பிடபிள்யூஎம் என்று பெயர்.

நேரத்தைப் பங்கிட்டு நிறம் கலக்கும் யோசனை எல்இடிக்கும் முந்தியது. 1850களில் ஸ்காட்லாந்து இயற்பியலாளர் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல், சிவப்பு, பச்சை, நீலக் காகித வட்டுகளை ஒன்றுக்குள் ஒன்று செருகி ஒரு பம்பரத்தின் மேல் வைத்துச் சுழற்றினார். வேகமாகச் சுழலும்போது மூன்று நிறங்களும் கரைந்து ஒன்றாகத் தெரிந்தன. எந்த நிறம் எத்தனை பாகை வெளியே தெரிகிறது என்பதை மாற்றியே வேறுவேறு நிறங்களை அவர் வரவழைத்தார். அவருடைய வட்டில் கோணமாக இருந்தது இன்றைய பட்டையில் துடிப்பின் அகலமாகியிருக்கிறது.

இந்தத் துடிப்பை உண்டாக்க ஆர்டுயினோ ஊனோ போன்ற சிறு பலகை ஒன்று போதும். அதில் `analogWrite` என்ற கட்டளைக்கு 0 முதல் 255 வரை ஓர் எண்ணைக் கொடுத்தால், அந்தப் பங்கு நேரம் மட்டும் பின்னில் 5 வோல்ட் இருக்கும். 9, 10, 11 ஆகிய பின்களில் இது வினாடிக்கு சுமார் 490 முறை நடக்கிறது. ஆனால் அந்தப் பின்னால் பட்டையை நேரடியாக ஓட்ட முடியாது. மீட்டருக்கு 60 சதுரங்கள் உள்ள பட்டையில் ஒரு மீட்டருக்கு 20 துண்டுகள். துண்டுக்கு 20 மில்லிஆம்பியர் என்றால் ஒரு நிறத்துக்கு மட்டும் 0.4 ஆம்பியர். 5 மீட்டரும் மூன்று நிறங்களும் சேர்ந்தால் 6 ஆம்பியர், அதாவது 72 வாட். ஊனோவின் பின் தாங்குவது சில பத்து மில்லிஆம்பியர்தான். இடையில் நிறத்துக்கு ஒன்றாக மூன்று என்-சேனல் மோஸ்ஃபெட்டுகளை வைக்க வேண்டும். பட்டையின் நிறக் கம்பி டிரெயினுக்கு, சோர்ஸ் மைனஸுக்கு, ஊனோவின் பின் கேட்டுக்கு.

இங்கே தவறுவது பெரும்பாலும் மோஸ்ஃபெட்டைத் தேர்ந்தெடுப்பதில்தான். IRFZ44N, IRLZ44N இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். பெயரிலும் ஓர் எழுத்துதான் வேறுபாடு. முதலாவது முழுதாகத் திறக்க கேட்டில் 10 வோல்ட் வேண்டும். இரண்டாவதுக்கு 5 வோல்ட் போதும். தவறானதை வைத்தாலும் பட்டை எரியவே செய்யும், ஆனால் மங்கலாக. தொட்டுப் பார்த்தால் மோஸ்ஃபெட் சுடும். இந்த இரண்டையும் ஒருசேரக் கண்டால் வேறெங்கும் தேட வேண்டியதில்லை. கேட்டுக்கும் மைனஸுக்கும் இடையே 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றும் தேவை. அது இல்லாவிட்டால் ஊனோ விழித்தெழும் நொடியில் பட்டை தானாக மின்னும். 12 வோல்ட் பவர் சப்ளையின் மைனஸும் ஊனோவின் கிரவுண்டும் இணைந்திருக்க வேண்டும். இணைக்க மறந்தால் பட்டை எரியாமல் போகலாம், அல்லது காரணமே தெரியாமல் துடிக்கும்.

இணைப்பு சரியானதும் நிறத்துக்கு வரலாம். கணினித் திரையில் ஆரஞ்சு என்பதற்கு வழக்கமாக எழுதப்படும் எண்கள் சிவப்பு 255, பச்சை 165, நீலம் 0. இவற்றை அப்படியே பட்டைக்குக் கொடுத்தால் வருவது ஆரஞ்சு அல்ல, பச்சை தட்டிய மஞ்சள். கம்பி மாறிவிட்டதோ என்ற சந்தேகம் எழும். மூன்று நிறங்களையும் ஒவ்வொன்றாக எரியவிட்டுப் பார்த்து அதைத் தீர்த்துக்கொள்ளலாம். அங்கே பிழை இல்லையென்றால் கோளாறு எண்களில்தான் இருக்கிறது.

திரையின் எண்கள் ஒளியின் அளவை நேராகச் சொல்பவை அல்ல. மங்கலான ஒளியில் நேரும் சிறு மாற்றத்தை நம் கண் உடனே கண்டுகொள்ளும். பளிச்சென்ற ஒளியில் அதே அளவு மாற்றம் தெரியாது. அதனால் கண்ணுக்குச் சீரான படிகளாகத் தெரியும்படி அந்த எண்கள் அமைக்கப்பட்டிருக்கின்றன. 165 என்பது 255இல் 65 சதவீதம். ஆனால் திரை அதற்கு வெளியிடும் ஒளி முழு அளவில் 38 சதவீதம்தான். துடிப்பின் அகலமோ ஒளியை நேர்விகிதத்தில் தருகிறது. 165 என்றால் 65 சதவீத ஒளியையே கொடுத்துவிடும். இதைச் சரிசெய்ய எண்ணை 255ஆல் வகுத்து, வரும் விடையை 2.2 அடுக்குக்கு உயர்த்தி, மீண்டும் 255ஆல் பெருக்க வேண்டும். காமா திருத்தம் எனப்படும் இதைச் செய்தால் 165 என்பது 98 ஆகிறது.

98 கொடுத்த பிறகும் பட்டை கொஞ்சம் மஞ்சளாகவே இருக்கக்கூடும். பட்டையின் மூன்று எல்இடிகளும் திரையின் மூன்று நிறங்களைப் போல ஒன்றுக்கொன்று சமப்படுத்தப்பட்டவை அல்ல. மூன்றையும் 255இல் வைத்து ஒரு வெள்ளைத் தாளின் மேல் ஒளியை விழவிட்டால் தாள் பெரும்பாலும் நீலம் பாய்ந்து தெரியும். பக்கத்தில் நல்ல வெள்ளைத் திரை ஒன்றை வைத்துக்கொண்டு, தாள் அதைப் போலத் தெரியும்வரை நீலத்தையும் பச்சையையும் குறைத்துக்கொண்டே போக வேண்டும். பச்சை 0.65, நீலம் 0.6 என்று ஒரு பட்டையில் வந்து நின்றதாகக் கொள்வோம். அடுத்த சுருளில் இது வேறாக இருக்கும். ஒரே கடையில் வாங்கினாலும்கூட. இனி எந்த நிறத்துக்கும் திருத்திய எண்ணை இந்தப் பங்கால் பெருக்கினால் போதும். ஆரஞ்சின் பச்சை 64 ஆகிறது: சுற்றில் அரை மில்லிவினாடி எரிந்து ஒன்றரை மில்லிவினாடி அணைந்திருக்கும்.

```cpp
int level(int v, float w) {
  return round(pow(v / 255.0, 2.2) * w * 255);
}

void setup() {
  analogWrite(9,  level(255, 1.0));   // R
  analogWrite(10, level(165, 0.65));  // G
  analogWrite(11, level(0, 0.6));     // B
}

void loop() {}
```

இந்த ஆரஞ்சுக்கு 5 மீட்டர் பட்டை சராசரியாக இழுப்பது 2.5 ஆம்பியர்: சிவப்புக்கு 2, பச்சைக்கு அரை. அதை நம்பி 3 ஆம்பியர் பவர் சப்ளை வாங்குவது சரியல்ல. பச்சை எரியும் அந்த அரை மில்லிவினாடியில் உண்மையில் ஓடுவது 4 ஆம்பியர். நாளை யாராவது வெள்ளை வைத்தால் 6 வேண்டும். 8 ஆம்பியர் சப்ளை ஒன்று வாங்கிவிட்டால் கவலை இல்லை.

மங்கலான நிறங்களில் வேறொரு சிக்கல் இருக்கிறது. காமா திருத்தத்துக்குப் பிறகு 15க்குக் கீழான எண்களெல்லாம் 0 ஆகிவிடும். அடுத்துச் சில எண்கள் எல்லாம் 1 ஆகும். பட்டையை மெதுவாக அணைய வைத்தால் கடைசியில் ஒளி வழுக்கிக்கொண்டு இறங்காமல் படிப்படியாகத் தாவும், நிறமும் தடுமாறும். 256 படிகள் போதாததால் வரும் குறை இது. ஈஎஸ்பி32 போன்ற பலகைகளில் 4096 படிகள் வரை எளிதாக வைத்துக்கொள்ளலாம். மாலை நேரத்து மெல்லிய ஒளி வேண்டுபவர்கள் தொடக்கத்திலேயே அதை எடுப்பது நல்லது. 490 முறை துடிப்பதும் சும்மா பார்க்கும்போது தெரியாது. பட்டைக்கு முன்னால் விரல்களை வேகமாக ஆட்டினால் விரல்கள் துண்டு துண்டாகத் தெரியும். கைபேசிக் காணொளியில் கோடுகள் ஓடும். படம்பிடிக்கும் இடமென்றால் துடிப்பின் வேகத்தைச் சில ஆயிரமாக ஏற்ற வேண்டும்.

எண்ணை எப்படித் திருத்தினாலும் வராத நிறங்களும் உண்டு. பழுப்பு வராது, பளிச்சென்ற சுற்றுப்புறத்தின் நடுவே மங்கிய ஆரஞ்சைத்தான் கண் பழுப்பு என்கிறது, இருட்டு அறையில் பட்டை காட்டுவது மங்கலான ஆரஞ்சாகவே தெரியும். சாம்பல் நிறமும் இப்படியே மங்கிய வெள்ளையாகிவிடும். மூன்று நிறங்களைக் கலந்து வரும் வெள்ளையும் பெயரளவில்தான் வெள்ளை. சிவப்புக்கும் பச்சைக்கும் இடையிலுள்ள மஞ்சள் அலைநீளங்கள் அதில் அநேகமாக இல்லாததால், அந்த ஒளியில் மனிதர் முகமும் சாப்பாடும் இயல்பாகத் தெரிவதில்லை. படிக்கவும் சமைக்கவும் வெளிச்சம் தேடுபவர்கள் நான்காவதாகத் தனி வெள்ளை எல்இடி உள்ள பட்டையை வாங்குங்கள்; அதற்கு மோஸ்ஃபெட்டும் பின்னும் கூடுதலாக ஒன்று வைத்தால் போதும்.