பவுண் விலை ஏறினால் பழைய விலை என்னாகும்?

2022 மார்ச் 7இல் இலங்கை மத்திய வங்கி ரூபாவின் பெறுமதியைத் தளர்த்தியது. அதுவரை 203 ரூபா அளவில் இருந்த டொலர் சில நாட்களிலேயே 250 ரூபாவைத் தாண்டியது. தங்கம் டொலரில் விலை பேசப்படுவதால், பவுண் விலையும் அதே வேகத்தில் ஏறியது. பெப்ரவரியில் விலை கேட்டு முற்பணம் கட்டிய பசறைப் பக்கத் தோட்டமொன்றின் தந்தைக்கு, பதுளையிலுள்ள எமது கடையிலிருந்து நான் எழுதிய கடிதத்தின் சாரம் இது. கணக்கு விளங்குவதற்காக முழு எண்களாகத் தருகிறேன்.

"அன்பின் அண்ணனுக்கு,

மகளின் கல்யாணத்துக்கு நீங்கள் சொன்ன மாலை 3 பவுண், அதாவது 24 கிராம். சேதாரம் 2 கிராம். ஆக 26 கிராம் தங்கம். அன்று பவுண் 120,000 ரூபா, கிராம் 15,000 ரூபா. தங்கம் 390,000, செய்கூலி 30,000, மொத்தம் 420,000 என்று துண்டில் எழுதித் தந்தோம்.

இன்று பவுண் 150,000, கிராம் 18,750 ரூபா. ஆனால் நீங்கள் கட்டிய 150,000 ரூபாவுக்கு அன்றைய விலையில் 10 கிராம் தங்கம் வாங்கி வைத்துவிட்டோம். அதற்கு விலை ஏறாது. மிச்சம் 16 கிராமுக்கு மட்டும் இன்றைய விலை: 300,000 ரூபா. செய்கூலி பழையபடி 30,000. நீங்கள் இனித் தரவேண்டியது 270,000 அல்ல, 330,000 ரூபா.

அந்த 60,000 ரூபா சிரமம் என்றால் மாலையின் நிறையைக் குறைக்கலாம். 270,000 ரூபாவுக்குள் சுமார் 21 கிராமில் அதே மாலையைச் செய்யலாம். வீட்டில் பழைய நகை இருந்தால் கொண்டுவாருங்கள், அதையும் இன்றைய விலைக்கே எடுப்போம்."

இக்கடிதத்தில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். முற்பணம் ரூபாவாக நில்லாமல் கிராமாக மாறியிருக்கிறது. அப்படி மாறாவிட்டால் 26 கிராமுக்கும் புது விலை போட வேண்டியிருக்கும். அப்போது கூடுதல் தொகை 97,500 ரூபா. முற்பணத்தை வாங்கிய அன்றே தங்கமாக்காமல் வேறு சரக்கில் போட்ட வியாபாரி, அந்த 10 கிராமைப் பின்னர் கூடிய விலைக்கு வாங்கிக் கைநட்டப்பட நேரும். இல்லையேல் வாங்குபவரோடு வாக்குவாதம்தான்.

ஆகவே விலைத் துண்டில் மொத்தத் தொகையை மட்டும் எழுதாதீர்கள். திகதி, அன்றைய கிராம் விலை, நகையின் நிறை, சேதாரம் எத்தனை கிராம், செய்கூலி, முற்பணத்துக்கு எத்தனை கிராம் என்பவற்றைத் தனித்தனியே எழுதுங்கள். சேதாரத்தைக் கிராமில் எழுதினால், விலை ஏறும்போது அதன் பெறுமதி ஏன் கூடுகிறது என்பதும், செய்கூலி ஏன் கூடவில்லை என்பதும் வாங்குபவருக்கே தெரியும். விலை இறங்கினால் மிச்சக் கிராமுக்கு இறங்கிய விலையே என்றும் அதிலேயே எழுதிவிடுங்கள். ஏறும்போது மட்டும் செல்லும் நிபந்தனையை எவரும் நம்ப மாட்டார்கள்.