சகுரா ஏன் மூன்றாவது முறைதான் பேசுகிறாள்? விஷுவல் நாவலில் 'ரூட் லாக்' எப்படி வேலை செய்கிறது

(எச்சரிக்கை: 'ஃபேட்/ஸ்டே நைட்' விளையாட்டின் கதை கொஞ்சம் வெளியே வரும்.)

ஷிரோ ஒரு ஸ்கூல் பையன். தினமும் காலையில் சகுரா என்ற ஜூனியர் பெண் அவன் வீட்டுக்கு வந்து சமைத்துக் கொடுப்பாள். அமைதியானவள், எப்போதும் சிரித்த முகம். ஜப்பானின் டைப்-மூன் குழு 2004-ல் வெளியிட்ட 'ஃபேட்/ஸ்டே நைட்' விளையாட்டில், முதல் முறை ஆடும்போது சகுராவைப் பற்றி நமக்குத் தெரிவது ஏறக்குறைய இவ்வளவுதான். சேபர் என்ற வீராங்கனையின் கதைக்குள் போய்விடுவோம். போர் முடியும், கண்ணில் நீர் வரும், 'சூப்பர் முடிவு' என்று மூடிவைப்போம்.

அந்த நேரம் முழுக்க சகுரா அவள் வீட்டில் ஒரு கொடுமையை அனுபவித்துக்கொண்டுதான் இருந்தாள். அதை விளையாட்டு நமக்குச் சொல்வது மூன்றாவது கதையில். முதல் கதையில் நாம் அவளைக் காப்பாற்றத் தவறவில்லை. காப்பாற்ற வேண்டிய ஒருத்தி இருக்கிறாள் என்பதே நமக்குத் தெரியாது. இதைச் சாத்தியமாக்குவதுதான் 'ரூட் லாக்'.

முதலில், ரூட் என்றால் என்ன?

விஷுவல் நாவல் என்பது படங்கள், இசை, சில சமயம் குரலோடு திரையில் படிக்கும் கதை. நடுநடுவே ஒரு கேள்வி வரும்: லைப்ரரிக்குப் போகலாமா, கிரவுண்டுக்குப் போகலாமா? ஆரம்பப் பகுதி எல்லோருக்கும் பொது. அதில் எடுக்கும் முடிவுகளைப் பொறுத்து, ஒரு கட்டத்துக்கு மேல் கதை ஒரே ஒரு பாத்திரத்தைச் சுற்றி நகரும். அதுதான் ரூட். உள்ளே போய்விட்டால் மற்றவர்கள் கதைக்குத் தாவ முடியாது. அதுதான் லாக்.

உள்ளே நடப்பது வெறும் கூட்டல்

ஒவ்வொரு தேர்வுக்கும் தனித்தனிக் கதை எழுதினால் என்ன ஆகும்? இரண்டு பதில் உள்ள கேள்வி நான்கு வந்தால் 16 கதைகள். பத்து கேள்விக்கு 1,024. யாராலும் எழுத முடியாது. அதனால் எழுதுபவர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: காட்சியைப் பிரிக்காமல், பின்னால் மார்க் மட்டும் போடுவது.

இந்த வகை விளையாட்டுகளை உருவாக்கப் பலரும் பயன்படுத்தும் இலவச மென்பொருள் ரென்பை. கவி, ஜெனி என்று இரண்டே பாத்திரங்களை வைத்து நானே அதில் ஒரு மாதிரி எழுதினேன்:

```
default kavi = 0
default jeni = 0

label start:
    menu:
        "லைப்ரரிக்குப் போ":
            $ kavi += 1
        "கிரவுண்டுக்குப் போ":
            $ jeni += 1

    # இதேபோல் இன்னும் 3 கேள்விகள்

    if kavi >= 3:
        jump kavi_route
    elif jeni >= 3:
        jump jeni_route
    else:
        jump bad_end
```

நான்கு கேள்வி. ஒவ்வொரு பதிலும் ஒருவருக்கு ஒரு மார்க். கடைசியில், யாருக்கு மூன்று மார்க் வந்ததோ அவர் கதைக்குத் தாவு என்கிறது `jump`. எழுத வேண்டியது 16 கதையல்ல, மூன்றுதான்.

இப்போது அந்த 16 வழிகளையும் எண்ணிப் பார்ப்போம். கவியின் கதைக்குப் போவது 5. ஜெனிக்கும் 5. மீதி 6-ல் இருவருக்கும் தலா இரண்டு மார்க். அதாவது யாரும் ஜெயிக்கவில்லை, 'பேட் எண்ட்'. சும்மா காசைச் சுண்டிவிட்டு ஆடுபவருக்கு அதிக வாய்ப்புள்ள முடிவே மோசமான முடிவுதான். இரண்டு பேரிடமும் நல்ல பெயர் எடுக்கலாம் என்று நினைப்பவரும் அங்கேதான் போய் நிற்பார்.

இது கற்பனைக் கணக்கு மட்டுமல்ல. 2012-ல் ரென்பையில் வெளிவந்த இலவச விளையாட்டு 'கடாவா ஷோஜோ'. அதன் முதல் அத்தியாயத்தில் யாரோடும் நெருங்காமல் போனால், ஹீரோ மொட்டை மாடியில் நண்பனோடு குடித்துவிட்டுக் கீழே விழுந்து சாவான். யாரையும் தேர்ந்தெடுக்காததும் ஒரு தேர்வு என்று அங்கே கணக்கு எழுதப்பட்டிருக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். முதல் மூன்று கேள்வியிலும் கவி பக்கம் போயிருந்தால், நான்காவது கேள்விக்கு என்ன பதில் சொன்னாலும் ஒன்றும் மாறாது. பூட்டு ஏற்கெனவே விழுந்துவிட்டது. திரை மட்டும் இன்னும் நம்மிடம் கேட்டுக்கொண்டிருக்கிறது.

பூட்டு விழுந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது?

பெரும்பாலான விளையாட்டுகள் மார்க்கைக் காட்டாது. ஆனால் தடயம் இருக்கும். மற்ற பாத்திரங்கள் காட்சிக்கு வருவது குறையும். கேள்விகள் 'யாரிடம் போவது' என்பதிலிருந்து 'இவளிடம் என்ன சொல்வது' என்று மாறும். அப்படி மாறிவிட்டால் நீங்கள் ஒரு ரூட்டுக்குள் இருக்கிறீர்கள்.

திரும்பிப் போக நம்பகமான வழி பழைய சேவ். எல்லோரும் செய்யும் தப்பு, ஒரே சேவ் மேல் திரும்பத் திரும்ப எழுதுவது. பூட்டு விழுந்த பிறகு எழுதிய சேவில் மார்க்கும் சேர்ந்தே பதிவாகியிருக்கும். அதை எத்தனை முறை திறந்தாலும் அதே கதைதான். ஒவ்வொரு கேள்விக்கு முன்னாலும் தனி இடத்தில் சேவ் செய்வதுதான் சரி.

இரண்டாவது முறை ஆடும்போது ஸ்கிப் உதவும். ரென்பையில் `Tab` அழுத்தினால், படித்த வரிகள் வேகமாக ஓடும். கேள்வி வந்தாலோ, நீங்கள் இதுவரை படிக்காத வரி வந்தாலோ நிற்கும். கேள்வியே இல்லாத இடத்தில் திடீரென்று நின்றால், நீங்கள் முன்பு எடுத்த ஏதோ ஒரு முடிவு இங்கே வேலை செய்கிறது என்று அர்த்தம்.

'ஃபேட்'டில் இதைவிட நேரடியான உதவி உண்டு. ஐந்து முடிவுகளோடு 40 பேட் எண்டுகளும் அதில் இருக்கின்றன. ஹீரோ செத்தால், டைகா டீச்சர் ஒரு பயிற்சிக் கூடத்தில் தோன்றி, எங்கே தப்பு செய்தாய் என்று கிண்டலோடு சொல்லிக்கொடுப்பார்.

அப்புறம் ஏன் வரிசை?

மார்க் முறையில் எந்த ரூட்டையும் முதலில் ஆடலாம். 'ஃபேட்' அதற்கும் மேல் இன்னொரு பூட்டு போடுகிறது. முதலில் சேபரின் கதை. அதை முடித்தால்தான் ரின் என்ற மாணவியின் கதை திறக்கும். அதையும் முடித்தால்தான் சகுரா. முதல் ஆட்டத்தில் சகுராவிடம் எவ்வளவு அன்பாக இருந்தாலும் அவள் கதை திறக்காது.

காரணம் இதுதான். எல்லோரையும் காப்பாற்றுவேன் என்பது ஷிரோவின் லட்சியம். முதல் கதையில் அது அழகாகத் தெரியும். இரண்டாவது கதை அந்த லட்சியத்தை நிற்கவைத்துக் கேள்வி கேட்கும். மூன்றாவதில், ஊரைக் காப்பாற்றுவதா, சகுரா என்ற ஒருத்தியைக் காப்பாற்றுவதா என்ற இடத்துக்கு அவன் வந்து நிற்பான். முதல் இரண்டையும் ஆடாதவருக்கு அந்தக் கேள்வி சுடாது. ஏனென்றால், அவள் சமைத்த காலைச் சாப்பாட்டை இரண்டு கதைகளில் சாப்பிட்டுவிட்டு, அவளை ஒரு வார்த்தை கேட்காமல் எழுந்து போன அனுபவம் அவருக்கு இருக்காது.

சாதாரண நாவலில் இதைச் செய்வது கஷ்டம். ஒரு பாத்திரத்தை ஆசிரியர் கவனிக்காமல் விட்டால், அது ஆசிரியரின் முடிவு. இங்கே அவளைத் தாண்டிப் போனது நாம். பூட்டைப் போட்டது விளையாட்டுதான், ஆனாலும் உறுத்துவது நமக்கு.

மூன்றையும் முடித்துவிட்டு முதல் கதையின் பழைய சேவ் இருந்தால் ஒருமுறை திறந்து பாருங்கள். ஒரு வரிகூட மாறியிருக்காது. சகுரா அதே மாதிரி சிரித்துக்கொண்டுதான் சாப்பாடு பரிமாறுவாள். அந்தச் சிரிப்பை மட்டும் உங்களால் முன்போலப் பார்க்க முடியாது.