நிலுவை பில்லுக்குத் தவணை கேட்கும் கடிதம்

நூல் கொடுத்த மில்லுக்குக் கெடு தாண்டிப் பணம் பாக்கி நிற்கும்போது சிறு பின்னலாடைக் கம்பெனிகள் பெரும்பாலும் "அடுத்த வாரம் போட்டுவிடுகிறோம்" என்று போனில் சொல்லி நாளைக் கடத்துகின்றன. அந்த வாக்கு ஒருமுறை தவறினால் அடுத்த வாக்குக்கு மதிப்பில்லை. எந்தத் தேதியில் எவ்வளவு, அது எங்கிருந்து வரும், ஏன் தாமதம் என்ற மூன்றையும் எழுத்தில் கொடுப்பதுதான் தவணைத் திட்டம். அதை அனுப்புவதற்கு முன் செய்யும் கணக்குதான் அது நிறைவேறுமா என்பதைத் தீர்மானிக்கிறது.

திருப்பூரில் உள்ள ஒரு கற்பனைப் பனியன் கம்பெனியை எடுத்துக்கொள்ளலாம். 2025 ஜூன் 12 அன்று ரூ.2,60,000-க்கும், ஜூன் 28 அன்று ரூ.2,20,000-க்கும் ஒரு சிறிய நூற்பு மில்லிடம் அது நூல் வாங்கியது. பேசிக்கொண்ட கடன் 45 நாள். ஆகவே முதல் பில்லின் கெடு ஜூலை 27, இரண்டாவதன் கெடு ஆகஸ்ட் 12. ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில் இரண்டுமே நிலுவை, மொத்தம் ரூ.4,80,000.

முதல் வேலை, மில்லின் கணக்கும் கம்பெனியின் கணக்கும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது. மில்லிடம் லெட்ஜர் நகலை வாங்கி, பில், டெபிட் நோட், ஏற்கெனவே கட்டிய பணம் எல்லாவற்றையும் டிக் செய்ய வேண்டும். எடை குறைவு, நூல் தரம் பற்றிய புகார் உண்மையிலேயே இருந்தால் அதை இந்தக் கட்டத்திலேயே தீர்த்து, மீதித் தொகையை மட்டும் கடிதத்தில் எழுத வேண்டும். நூல் வந்தபோது பேசாமல், பணம் கேட்கும்போது மட்டும் தரக் குறை சொன்னால் மில் அதைச் சாக்காகவே எடுத்துக்கொள்ளும். சட்ட விளைவும் உண்டு. காலவரம்புச் சட்டம், 1963-இன்படி, வழக்குத் தொடுக்கும் காலம் முடிவதற்குள் கையெழுத்திட்டுக் கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டால் அந்தத் தேதியிலிருந்து காலம் புதிதாக எண்ணப்படும். ஆகவே கடிதத்தில் வரும் தொகை பின்னால் மறுக்க முடியாத தொகையாக இருக்க வேண்டும்.

அடுத்தது வரவுக் கணக்கு. நிலுவையை நான்கால் வகுத்து, மாதம் 5-ஆம் தேதி தலா ரூ.1,20,000 என்று எழுதுவது எளிது. அப்படிப்பட்ட சமத் தவணையைப் பார்த்தவுடன், இது கணக்குப் போட்டு எழுதியதல்ல என்று அனுபவமுள்ள மில்காரர் கண்டுகொள்வார். வரவு சமமாக வருவதில்லை; தவணையும் சமமாக இருக்க முடியாது. நமது கம்பெனிக்கு வரவேண்டியவை மூன்று. ஈரோடு வியாபாரியிடமிருந்து செப்டம்பர் 5-இல் ரூ.1,40,000, கொல்கத்தா மொத்த வியாபாரியிடமிருந்து துர்கா பூஜை விற்பனைக்குப் பின் செப்டம்பர் 22-இல் ரூ.3,00,000, அக்டோபர் முதல் வாரம் அனுப்பும் சரக்குக்கு நவம்பர் தொடக்கத்தில் ரூ.2,30,000. சனிக்கிழமைதோறும் கூலி, மின்கட்டணம், வங்கித் தவணை, பிரிண்டிங், சாயப் பட்டறைக் கூலி ஆகியவற்றை இவற்றிலிருந்து கழித்துவிட்டு மிஞ்சுவதுதான் மில்லுக்கு எழுதக்கூடிய தொகை. கூலிப் பணத்தைத் தவணையில் சேர்த்தால் வேலை நின்றுவிடும். வேலை நின்றால் அடுத்த வரவும் நின்றுவிடும்.

இந்தக் கணக்கில் ஊரின் காலண்டரும் வர வேண்டும். 2025-இல் தீபாவளி அக்டோபர் 20. அதற்கு முன் போனஸ் கொடுத்தாக வேண்டும். அதன் பிறகு தொழிலாளர்கள் ஊருக்குப் போவதால் பல நாள் உற்பத்தி இராது. ஆகவே அக்டோபரில் தவணை எதுவும் வைக்காமல் இருப்பதே நேர்மை. மில்லும் இதே போனஸ் கணக்கைத் தன் பக்கத்தில் போடுவதால், காரணம் சொன்னால் அதற்குப் புரியும். வரவு எதிர்பார்க்கும் நாளுக்கு மூன்று நான்கு நாள் கழித்தே தவணைத் தேதியை வைப்பது வழக்கம்; நவம்பர் போலத் தேதி உறுதியாகாத வரவுக்கு இன்னும் சில நாள் கூடுதலாக விடலாம்.

இப்படி வரும் திட்டம்: கடிதத்துடன் ஆகஸ்ட் 22-இல் ரூ.50,000, செப்டம்பர் 8-இல் ரூ.80,000, செப்டம்பர் 26-இல் ரூ.2,00,000, நவம்பர் 10-இல் ரூ.1,50,000. கூட்டினால் ரூ.4,80,000. முதல் தொகை சிறிதானாலும் கடிதம் போகும் அன்றே போய்ச் சேர வேண்டும். பணமே போகாத கடிதத்தை மில் இன்னொரு வாக்குறுதியாகத்தான் படிக்கும்.

காரணத்தை எழுதும்போது இரண்டு தவறுகள் நேர்கின்றன. ஒன்று, "மார்க்கெட் டல்" என்ற பொதுவான பேச்சு. எல்லாரும் எப்போதும் சொல்வதால் அதில் செய்தியில்லை. மற்றொன்று, பாதி உண்மை. கொல்கத்தா பணம் தாமதமானது உண்மை. ஆனால் ஜூலையில் ஒரு புதிய தையல் மெஷினுக்கு முன்பணமாக ரூ.1,20,000 கொடுத்ததும் நடைமுறை மூலதனம் குறைந்ததற்குக் காரணம் என்றால் அதையும் எழுத வேண்டும். நூல் ஏஜென்ட், ஜாப் ஒர்க் கடைகள் வழியாகத் திருப்பூரில் செய்தி விரைவில் பரவும். மெஷின் வந்திறங்கியதை மில் வேறு வாயால் கேட்டால் கடிதம் முழுவதும் பொய்யாகிவிடும். அதே சமயம் குடும்பச் சிக்கல்களை விவரிக்கத் தேவையில்லை. எந்தப் பணம் வரவில்லை, அது எப்போது வரும் என்பதை விளக்கும் அளவே காரணம் போதும்.

முதலில் மில் முதலாளியிடம் நேரிலோ போனிலோ சொல்லிவிட்டு, அன்றே கடிதத்தை அனுப்பி, ஏஜென்டுக்கும் நகல் தருவது நல்லது. கடிதம் இவ்வளவுதான் இருக்கலாம்:

"ஐயா, வணக்கம். தங்களின் 12.6.2025, 28.6.2025 தேதியிட்ட பில்களுக்கு நாங்கள் தர வேண்டிய தொகை ரூ.4,80,000, இது தங்கள் லெட்ஜருடன் ஒத்திருக்கிறது. கெடுவுக்குள் கட்டாதது எங்கள் பொறுப்பு. கொல்கத்தா வியாபாரியிடமிருந்து ஜூலையில் வரவேண்டிய ரூ.3,00,000 வரவில்லை, அதே மாதம் புதிய மெஷினுக்கு ரூ.1,20,000 முன்பணம் கொடுத்துவிட்டோம். இன்று ரூ.50,000 அனுப்பியுள்ளோம். செப்டம்பர் 8-இல் ரூ.80,000, செப்டம்பர் 26-இல் ரூ.2,00,000, நவம்பர் 10-இல் ரூ.1,50,000 அனுப்புகிறோம். தொகைகளை முதலில் ஜூன் 12 பில்லுக்கும் பிறகு ஜூன் 28 பில்லுக்கும் வரவு வைக்கவும். தாமத நாட்களுக்கு ஆண்டுக்கு 12% வட்டியைக் கடைசித் தவணையுடன் தருகிறோம். இடையில் வாங்கும் நூலுக்கு ரொக்கம் கொடுத்தே எடுத்துக்கொள்கிறோம். இதற்குத் தங்கள் சம்மதத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறோம்."

எந்தப் பில்லுக்கு வரவு என்ற வரி தற்செயலானதல்ல. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 59-ஆம் பிரிவின்படி, பணம் கட்டுபவர் எந்தக் கடனுக்கு என்று சொல்லிக் கட்டினால், அதை ஏற்றுக்கொள்ளும் கடன்காரர் அதற்கே வரவு வைக்க வேண்டும். சொல்லாவிட்டால் அடுத்த பிரிவின்படி அந்தத் தேர்வு கடன்காரருக்குப் போகும். பழைய பில் முதலில் அடைவதில் ஜிஎஸ்டி லாபமும் உண்டு. பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் கட்டாவிட்டால், அந்தப் பில்லுக்கு எடுத்த உள்ளீட்டு வரி வரவை வட்டியுடன் திருப்பிக் கட்ட வேண்டும். பணம் கட்டிய பிறகே மீண்டும் எடுக்கலாம். ஜூன் 12 பில்லுக்கு அந்த நாள் டிசம்பர் 9. மேற்படித் திட்டத்தில் செப்டம்பர் 26 தவணையிலேயே முதல் பில் முடிந்து, மிஞ்சும் ரூ.70,000 இரண்டாவதற்குப் போகிறது. நவம்பர் 10-இல் அதுவும் முடிகிறது.

வட்டி பற்றிய வரிக்கும் பின்னணி உண்டு. குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம், 2006-இன்படி, பதிவுபெற்ற குறு அல்லது சிறு உற்பத்தியாளருக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். ஒப்பந்தமே இல்லையெனில் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டு வட்டியாகச் சேரும். 2025 ஆகஸ்டில் பேங்க் ரேட் 5.75%, மூன்று மடங்கு 17.25%. நமது கணக்கில் 12% தனி வட்டி சுமார் ரூ.9,600, சட்டப்படியான வட்டி சுமார் ரூ.14,000. மில் இந்த உரிமையை வலியுறுத்தலாம், விட்டும் கொடுக்கலாம். அந்த முடிவு அதனுடையது. அந்தச் சட்டம் தனக்குப் பொருந்துமா என்பதை வாங்குபவர் முதலிலேயே தெரிந்துகொள்ள மில்லின் உத்யம் பதிவைப் பார்த்தால் போதும். நூலை வாங்கி விற்கும் வியாபாரிக்கு உத்யம் பதிவு இருந்தாலும் இந்தத் தாமத வட்டிச் சலுகை கிடையாது.

பதிலாக மில் பெரும்பாலும் பின்தேதியிட்ட செக்குகளைக் கேட்கும். இங்கே கவனம் தேவை. கடனுக்காகக் கொடுத்த செக் பணமின்றித் திரும்பினால், செலாவணி முறிச் சட்டத்தின் 138-ஆம் பிரிவு வரும். செக் திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் மில் நோட்டீஸ் அனுப்பி, அது கிடைத்த 15 நாளுக்குள்ளும் பணம் வராவிட்டால் அது குற்ற வழக்காகும். ஆகவே வரவு ஏறக்குறைய உறுதியான தவணைக்கு மட்டும் செக் கொடுப்பதும், கொல்கத்தா பணத்தை நம்பியிருக்கும் தவணைக்கு வங்கி மாற்றம் என்று எழுதுவதும் பாதுகாப்பு. மில் எழுத்தில் சம்மதிக்கும் வரை இது வெறும் யோசனைதான். வாட்ஸ்அப் பதிலோ மின்னஞ்சலோ இருந்தால் பின்னால் தகராறு குறையும்.

தவணை தவறப்போகிறது என்பது பெரும்பாலும் முன்பே தெரிந்துவிடும். செப்டம்பர் 22-இல் கொல்கத்தாவிலிருந்து பாதிதான் வந்தால், 26 வரை காத்திராமல் 23-ஆம் தேதியே மில்லுக்குச் சொல்லி, வந்ததில் ஒரு பங்கை அனுப்பி, மீதிக்கு ஒரு புதிய தேதியை மட்டும் எழுத்தில் கேட்க வேண்டும். திட்டம் முழுவதையும் திருத்தி எழுதக் கூடாது. தேதி கழிந்த பிறகு வரும் விளக்கத்துக்கு இந்த மதிப்பு இல்லை. ஒரே தவணைக்கு இரண்டாம் முறை தேதி கேட்க நேர்ந்தால் வரவுக் கணக்கே தவறு என்று பொருள். அப்போது உட்கார்ந்து புதிய கணக்குப் போடுவதே வழி.

நவம்பர் 10 தவணையும் வட்டியும் போன பிறகு இரண்டு வேலைகள் மிஞ்சும். கொடுத்த செக்குகளில் போடாமல் இருப்பவற்றைத் திரும்பப் பெற வேண்டும். இரண்டு பில்களிலும் பாக்கி இல்லை என்று காட்டும் லெட்ஜர் நகலை மில்லிடம் கையெழுத்துடன் வாங்கிக் கோப்பில் வைக்க வேண்டும். பழையபடி 45 நாள் கடனுக்கு நூல் கேட்பது இதற்குப் பிறகுதான்.