எறும்பின் இடுப்பில் எத்தனை கணு?

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கினால் அருவிப் படங்களுக்கு நடுவே எறும்புப் படங்களும் என் வாட்ஸ்அப்புக்கு வர ஆரம்பித்துவிடும். செல்போனிலேயே மேக்ரோ லென்ஸ் வந்துவிட்ட காலம். ஐந்தருவிச் சாலையில் பலாச்சுளை விற்கிற இடத்திலும், சிற்றாற்றங்கரை மணலிலும், மாமரத்தடியிலும் யாராவது குனிந்து படம் எடுத்துவிடுகிறார்கள். கூடவே ஒரு கேள்வி வரும்: “அண்ணே, சிவப்பா இருக்கு, இது நெருப்பெறும்புதானே?”

சிவப்பாக இருப்பது மட்டும் போதாது. தென்காசி வட்டாரத்தில் ஒரே நாளில் சிவப்பு, பழுப்பு, ஆரஞ்சு நிறங்களில் ஐந்தாறு வகை எறும்புகளைப் பார்த்துவிடலாம். நிறம் வெளிச்சத்துக்கு ஏற்ப மாறித் தெரியும். ஃபிளாஷ் அடித்தால் கறுப்பு எறும்பு பழுப்பாகிவிடும். கூட்டுப்புழுவிலிருந்து புதிதாக வந்த எறும்பு, தன் இனத்துக்குரிய நிறம் ஏறும்வரை சில நாட்கள் வெளிறியே இருக்கும். அளவையும் நம்பிவிட முடியாது. நெருங்கி எடுத்த படத்தில் கடுகளவு எறும்பும் திரை முழுக்க நிற்கும். பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்துப் படம் எடுக்காதவரை அது 2 மில்லிமீட்டரா 12 மில்லிமீட்டரா என்று சொல்ல வழியில்லை.

வெளிச்சமும் தூரமும் மாற்ற முடியாத ஒன்று எறும்பின் உடம்பில் இருக்கிறது. அது இடுப்பு.

எறும்பைப் பக்கவாட்டில் பாருங்கள். மார்பும் உருண்டையான வயிறும் நேராக ஒட்டிக்கொள்வதில்லை. நடுவில் மெல்லிய இணைப்பு ஒன்று இருக்கிறது. அந்த இணைப்பின் மேல் ஒரு புடைப்போ இரண்டு புடைப்போ நிமிர்ந்து நிற்கும். இதைக் கணு என்று வைத்துக்கொள்வோம். உண்மையில் இந்தக் கணுவும் வயிற்றின் ஒரு பகுதிதான். எறும்பின் வயிற்று வளையங்களில் முதலாவது மார்போடு ஒட்டிப்போய்விட்டது, இரண்டாவது சுருங்கிக் கணுவாகிவிட்டது. சில கிளைக் குடும்பங்களில் மூன்றாவதும் சுருங்கி இரண்டாம் கணுவாகியிருக்கிறது. இப்படிச் சுருங்கியதால்தான் எறும்பு தன் வயிற்றின் நுனியைக் கால்களுக்கு அடியில் முன்பக்கமாக வளைத்து எதிரியின் மேல் கொட்டவோ அமிலம் தெளிக்கவோ முடிகிறது.

ஒரு கணுவா இரண்டா என்பதைப் பார்த்தாலே எறும்பின் கிளைக் குடும்பத்தைத் தேடும் வட்டம் வெகுவாகச் சுருங்கிவிடும். கட்டெறும்பும் மாமரத்து முசுறும் ஒற்றைக் கணுக்காரர்கள். இவர்களுக்குக் கொடுக்கு கிடையாது. வயிற்று நுனியில் சிறு வட்டத் துளையும் அதைச் சுற்றி மயிர் வளையமும் இருக்கும், அதன் வழியாக ஃபார்மிக் அமிலம் பீச்சுவார்கள். நெருப்பெறும்பு இரட்டைக் கணுக்காரர். அதற்குக் கொடுக்கு உண்டு.

நண்பர் ஒருவர் சிற்றாற்றங்கரை நடைபாதையில் எடுத்த படத்தை இந்தக் கண்ணால் பார்க்கலாம். செம்பழுப்பு எறும்பு, பக்கவாட்டுப் படம், கொஞ்சம் மங்கல். இடுப்பில் இரண்டு கணு தெளிவாகத் தெரிகிறது. அந்த நொடியிலேயே முசுறு பட்டியலிலிருந்து விழுந்துவிட்டது. ஆனால் இரட்டைக் கணு என்றதும் நெருப்பெறும்பு என்று முடிவு கட்ட முடியாது, ஏனென்றால் இரட்டைக் கணுக்காரர்கள் ஏராளம். அவர்களில் நெருப்பெறும்போடு அதிகமாகக் குழம்புவது ஃபெய்டோலே என்ற பேரினம். இரண்டிலும் பெருந்தலைக்காரர்கள் இருப்பார்கள், இரண்டும் மண்ணில் புற்று வைக்கும், இரண்டும் விதை பொறுக்கும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது மார்பின் பின்முனையை, அதாவது முதல் கணுவுக்குச் சற்று முன்னால் உள்ள சரிவை. ஃபெய்டோலேக்கு அங்கே பொதுவாக இரண்டு சிறு முட்கள் நீட்டிக்கொண்டிருக்கும். நெருப்பெறும்புக்கு அந்த இடம் வழவழவென்று இருக்கும். நண்பரின் படத்தில் முள் இல்லை. பிறகு உணர்கொம்பு. நெருப்பெறும்பின் உணர்கொம்பில் பத்துத் துண்டுகள், கடைசி இரண்டும் பருத்துக் குண்டாந்தடி போல இருக்கும். ஃபெய்டோலேக்குப் பெரும்பாலும் பன்னிரண்டு துண்டுகள், பருத்தவை மூன்று. பத்தா பன்னிரண்டா என்று எண்ண நல்ல படம் வேண்டும். பருத்தது இரண்டா மூன்றா என்பது சுமாரான படத்திலும் தெரியும். இந்தப் படத்தில் இரண்டு.

இன்னும் சந்தேகம் இருந்தால் ஒற்றை எறும்பை விட்டுவிட்டுச் சாரையைப் படம் எடுக்கச் சொல்வேன். ஃபெய்டோலேயில் பெரும்பாலும் இரண்டே அளவு: சிறு வேலைக்காரர்கள், பெருந்தலைச் சிப்பாய்கள், நடுவில் யாரும் இல்லை. நெருப்பெறும்புச் சாரையில் சிறியது, நடுத்தரம், பெரியது என்று எல்லா அளவும் கலந்திருக்கும். அளவு உண்மையிலேயே உதவுகிற இடம் இதுதான். எத்தனை மில்லிமீட்டர் என்ற கேள்வியை விட, அளவுகள் படிப்படியாக ஏறுகின்றனவா என்ற கேள்விக்கே இங்கே மதிப்பு. பெரியவற்றின் தலை சதுரமாக, பின்பக்கம் நடுவில் பிளந்தது போல இருந்தால் அது சோலெனாப்சிஸ் ஜெமினேட்டா, வெப்பமண்டல நெருப்பெறும்பு. நண்பரின் இரண்டாவது படம் அதையே காட்டியது.

இந்த எறும்பு இந்த மண்ணுக்குச் சொந்தமில்லை என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். அதன் பூர்விகம் அமெரிக்க வெப்பமண்டலம். 16ஆம் நூற்றாண்டில் மெக்சிகோவின் அகபுல்கோவுக்கும் பிலிப்பைன்ஸின் மணிலாவுக்கும் இடையே ஓடிய ஸ்பானியக் கப்பல்களில், பாரத்துக்காக ஏற்றிய மண்ணோடு ஆசியாவுக்கு வந்து சேர்ந்தது என்று 2015இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று காட்டியது. கடிப்பதும் கொட்டுவதும் இதற்கு இரண்டு தனி வேலை. தாடையால் தோலைக் கவ்விப் பிடித்துக்கொண்டு, வயிற்றை வளைத்துக் கொடுக்கைச் செருகும். எரிச்சல் தருவது அதன் நஞ்சில் உள்ள அல்கலாய்டு.

கறுப்பு எறும்புக்கு வருவோம். வேப்பமரத்தடியிலும் வீட்டு முற்றத்திலும் ஓடுகிற பெரிய கட்டெறும்பு கேம்போனோட்டஸ் கம்ப்ரெசஸ். ஆங்கிலம் பேசும் நாடுகளில் இதன் சொந்தக்காரர்களைத் தச்சன் எறும்பு என்கிறார்கள். அவற்றில் பல, மரத்தைக் குடைந்து கூடு வைக்கும். ஆனால் கறையான் போல மரத்தைத் தின்னாது. நம்மூர்க் கட்டெறும்போ பெரும்பாலும் மரத்தடி மண்ணில்தான் குடியிருக்கிறது. படத்தில் இந்தப் பேரினத்தை அடையாளம் காண முதுகைப் பார்க்க வேண்டும். கழுத்திலிருந்து இடுப்புவரை முதுகுக் கோடு எங்கும் பள்ளம் விழாமல் ஒரே வில்லாக வளைந்து இறங்கும், அதன் முடிவில் நிமிர்ந்த ஒற்றைக் கணு நிற்கும். ஒரே புற்றிலேயே சிறியது பெரியதில் பாதி அளவுதான் இருக்கும். ஆகவே இரண்டு படங்களில் இரண்டு அளவு இருந்தால் இரண்டு இனம் என்று எண்ணிவிடக் கூடாது.

இதோடு குழம்பக்கூடிய இன்னொரு கறுப்பு எறும்பு டயகாமா. இதற்கும் ஒற்றைக் கணு. ஆனால் கொடுக்கும் உண்டு, நன்றாகவே கொட்டும். எண்ணிக்கை மட்டும் போதாது என்பதற்கு இதுவே சாட்சி. படத்தைப் பெரிதாக்கினால் உடம்பெங்கும் கைரேகை போன்ற வரிகள் தெரியும், கணுவின் மேல் இரண்டு முட்கள் இருக்கும்.

சர்க்கரை எறும்புதான் மிகச் சிக்கலான பெயர். ஆஸ்திரேலியாவில் அந்தப் பெயருக்கு உரியது கட்டெறும்பின் உறவு. இங்கேயோ டீக்கடைக் கண்ணாடித் தம்ளரிலும் அல்வாத் துண்டிலும் மொய்க்கிற எதையும் அப்படிச் சொல்லிவிடுகிறோம். இனிப்பு தேடுவது எந்த ஒரு இனத்துக்கும் தனி அடையாளம் அல்ல. அதற்கும் காரணம் இடுப்புதான். அவ்வளவு ஒடுங்கிய குழாய் வழியே திடப்பொருள் இறங்காது. வளர்ந்த எறும்பு உணவிலிருந்து சாற்றை மட்டும் விழுங்கும், துணுக்குகளை வாய்க்குள் இருக்கும் சிறு பையில் வடிகட்டிச் சக்கையாக்கித் துப்பிவிடும். திடமான இரை கூட்டில் உள்ள புழுக்களுக்குப் போகிறது. சர்க்கரைப் பாகும், செடிப்பேன் கழிக்கும் தேன்துளியும் ஓடுகிற எறும்புக்கு உடனடி எரிபொருள்.

பாகு குடித்த எறும்பைப் படம் எடுத்தால் நிறம் இன்னொரு முறை ஏமாற்றும். வயிறு உப்பும்போது மேல் தகடுகள் விலகி, நடுவில் உள்ள வெளிர்ந்த சவ்வு தெரியும். முழுக் கறுப்பாகப் போன எறும்பு வரி போட்ட வயிற்றோடு திரும்பி வரும்.

வீட்டுச் சமையலறையில் கண்ணுக்கே தெரியாமல் ஓடுகிற குட்டிகளில் ஒன்று டபினோமா மெலனோசெஃபாலம். நீளம் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர். தலை கருமை, வயிறும் கால்களும் வெளிர் பால்நிறம். வெள்ளைத் தட்டில் தலை மட்டும் தனியே ஓடுவது போலிருக்கும். நிறத்தை நம்பலாம் என்று நான் ஒத்துக்கொள்கிற அபூர்வமான இடம் இது. ஏனென்றால் இங்கே இடுப்பு கைவிட்டுவிடுகிறது. இதன் கணு படுத்த நிலையில், வயிற்றுக்கு அடியில் ஒளிந்திருக்கும். படத்தில் கணுவே இல்லாதது போலத் தோன்றும். அதே தட்டில் மஞ்சளாக, இரட்டைக் கணுவோடு ஒன்று ஓடினால் அது மோனோமோரியம் பேரினத்து ஃபாரோ எறும்பாக இருக்கலாம்.

மேலிருந்து எடுத்த படத்தில் கணுக்கள் மறைந்துவிடும் அல்லது ஒன்றோடொன்று ஒட்டிப்போகும். போனைத் தரைமட்டத்துக்கு இறக்கிப் பக்கவாட்டில் ஒரு படம், முகத்துக்கு நேரே ஒன்று, மேலிருந்து ஒன்று என்று மூன்றாக எடுப்பதே வழக்கம். உலகெங்கும் அருங்காட்சியகங்கள் எறும்பைப் பதிவுசெய்வதும் இந்த மூன்று கோணங்களில்தான். அப்படி எடுத்தாலும் பெரும்பாலும் பேரினம் வரைதான் துணிந்து சொல்லலாம். 2016இல் வெளியான பட்டியலில் இந்தியாவின் எறும்பு இனங்களும் துணையினங்களும் 828. அவற்றில் பலவற்றை நுண்ணோக்கியில் மயிர்களை எண்ணித்தான் பிரிக்க முடியும்.

தவறாகப் பெயர் சொன்னால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். 2022இல் திண்டுக்கல் மாவட்டம் கரந்தமலை அடிவாரத்துக் கிராமங்களில் ஆடுமாடுகளின் கண்களைப் பாதித்ததாகச் செய்திகளில் வந்த எறும்பும் மஞ்சள் பழுப்புதான். அது மஞ்சள் பைத்திய எறும்பு: ஒற்றைக் கணு, மிக நீண்ட கால்கள், தலையைத் தாண்டி நெடுந்தூரம் நீளும் உணர்கொம்பு. கொடுக்கு கிடையாது, பாதிப்பு அமிலத்தால் வந்தது. நெருப்பெறும்பு என்று நினைத்து அணுகினால் தவறான எதிரியோடு மல்லுக்கட்டுவோம்.

கடைசியாக, மாமரத்தில் முசுறு என்று நினைத்து எடுத்த படத்தில் ஒருமுறை கால்களையும் எண்ணிவிடுங்கள். எட்டு இருந்தால் அது முசுறு வேடம் போட்ட குதிக்கும் சிலந்தி. அதற்கும் இடுப்பு ஒடுங்கியே இருக்கும், முன்னங்கால்களை உணர்கொம்பு போலத் தூக்கி ஆட்டும். ஆண் சிலந்தியின் நீண்ட தாடைகள் ஒரு எறும்பு இன்னொன்றைச் சுமந்து போவது போலவே இருக்கும். கால்கள் படத்தில் மறைந்திருந்தால் இலையை லேசாகத் தட்டிப் பாருங்கள். முசுறுக் கூட்டில் இலைகளை ஒட்டுகிற நூல் முழுக்க அதன் புழுக்கள் விட்டது, வளர்ந்த முசுறுக்கு நூல் விட வராது. தட்டியதும் நூலில் தொங்கி இறங்கினால் அது சிலந்தி.